பெர்லின் மடல்கள் – 3: தபால் பெட்டியில் ஒரு பெயர்

நொய்க்கோல்ன் பகுதியில் ஒரு மாத வாடகைக்குப் பேசி வைத்திருந்த அறையை வந்தடைந்த விவரத்தோடு சென்ற மடலை நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலையிலேயே இரண்டு செய்திகள் எனக்காகக் காத்திருந்தன. சம்பளம் மாத இறுதியில் வரவேண்டுமானால் ஜெர்மானிய வங்கிக் கணக்கின் எண்ணை இருபதாம் தேதிக்குள் தரவேண்டும் என்று அலுவலகத்தார் எழுதியிருந்தார்கள். அறையின் உரிமையாளரோ, தங்குவதில் ஆட்சேபம் இல்லையென்றும், ஆனால் வசிப்பிடப் பதிவுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்றும், தபால் பெட்டியில் வேறொருவர் பெயரை ஒட்டச் சம்மதம் இல்லையென்றும் திட்டமாகச் சொல்லிவிட்டார்.

இத்தேசத்தில் ஒரு வீட்டில் குடிபுகுந்தவர் இரண்டு வாரங்களுக்குள் வட்டார அலுவலகத்தில் தம் விலாசத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் அந்தப் பதிவு நடவாது. நிரந்தரமாக வீடு தருபவர்கள் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். சம்பளத்துக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்காக நான் முதலில் சென்ற வங்கிக் கிளையில் இருந்த அம்மையாரோ, பதிவுச் சான்றைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதில் அச்சிடப்பட்டிருந்த ஊர் விலாசத்தைக் காட்டினேன். அது இந்திய விலாசம், இங்கே பயன்படாது என்று அவர் மரியாதையாகவே மறுத்தார்.

ஆகவே கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தொலைபேசி எண்ணை முதலில் பெற முயன்றேன். அந்த வரிசையே சரியானது என்பது பிறகு விளங்கிற்று. வங்கியில் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் இரகசிய எண் தொலைபேசிக்குத்தான் வருகிறது. மாதச் சந்தா முறையில் எண் வாங்கினால் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளக் கணக்கைக் கேட்பார்கள். முன்பணம் கட்டும் சிம் அட்டைக்கு அந்தத் தொல்லை கிடையாது. மளிகைக் கடையில் அது 10 யூரோவுக்குக் கிடைத்தது. ஆனால் வாங்கிய மாத்திரத்தில் அது பேசாது. 2017 ஜூலை 1 முதல், வாங்கியவர் இன்னாரென்று அடையாளப் பத்திரத்தைக் கொண்டு உறுதிசெய்த பின்னரே எண்ணுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டும் முறையில் முயன்றேன். அந்தச் சேவையார் ஏற்கும் பத்திரங்களின் ஜாபிதாவில் என் பாஸ்போர்ட் இல்லை என்று அழைப்பு முடிந்துபோயிற்று. பிறகு ஒரு தொலைபேசிக் கடைக்கு நேரில் போனேன். அங்கிருந்த இளைஞர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, பெயர், பிறந்த தேதி, விலாசம் மூன்றையும் பதிந்துகொண்டார். விலாசத்துக்குப் பதிவுச் சான்று எதையும் அவர் கேட்கவில்லை; நான் மெய்யாகவே தங்கியிருந்த அறையின் தெருவையும் கதவிலக்கத்தையும் சொன்னேன், அது போதுமானதாக இருந்தது.

அவருடைய கை தயங்கிய இடம் வேறு. தமிழரில் பலரைப் போல எனக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அவருடைய கணினியோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. யோசித்துவிட்டு என் பெயரையே இரண்டு கட்டங்களிலும் எழுதினார். அன்று மாலைக்குள் எண் வேலை செய்தது. இரண்டு கட்டங்களிலும் எழுதிய அந்த உருவத்தையே இனி எங்கும் கொடுப்பது என்று அப்போதே தீர்மானித்து, குறித்து வைத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் வரும் தமிழ் வாசகர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இது: ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் பெயரைப் பதியவிட்டால், இரண்டு ஆட்களாகிப் போகிறோம்.

கணக்கின் விஷயத்தில் எனக்கு வழி காட்டியவர், ஒரு தமிழ் மளிகைக் கடையில் பழக்கமான யாழ்ப்பாணத்துப் பெரியவர். 1985-ல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்குப் பகுதிக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். விலாசமில்லாத வாழ்க்கை இன்னதென்று அறிந்தவர்.

"தம்பி, வங்கிக்காரர் உங்களுக்கு வீடு இருக்கோ எண்டு பாக்கத் தேவையில்லை. கடிதம் வந்து சேருற இடம் ஒண்டு இருந்தாக் காணும். சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. 'பாசிஸ்கோன்டோ' எண்டு கேளுங்கோ," என்றார்.

அவர் சொன்னது மெய். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டபூர்வமாகத் தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான வசிப்பிடம் இல்லாதவருக்கும் புகலிடம் கோரி வந்தவருக்கும் உட்பட, அடிப்படைக் கணக்கு ஒன்றைப் பெறும் உரிமையை இந்நாட்டுச் சட்டம் 2016 ஜூன் முதல் அளித்திருக்கிறது. அத்தகைய கணக்கில், நிலையான வசிப்பிடம் இல்லாதவர் கடிதம் எட்டக்கூடிய தபால் விலாசத்தைத் தந்தாலே போதும். விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி ஒப்பந்தத்தைத் தரவேண்டும். மறுப்பதானால் அதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கேயே பயன்படுத்தக்கூடிய வேறு கணக்கு இருப்பது போன்ற சில காரணங்களுக்காகவே மறுக்கலாம். அநியாயமாக மறுத்தால் 'பாஃபின்' எனப்படும் மத்திய நிதிக் கண்காணிப்பு நிறுவனத்திடம் முறையிடலாம். இக்கணக்கில் மாதக் கட்டணம் உண்டு, இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி இராது. சம்பளம் வரவும் வாடகை போகவும் அது தடையில்லை.

தம் வீட்டு விலாசத்தைத் தபாலுக்காகப் பயன்படுத்திக்கொள்ளும்படி பெரியவரே சொன்னார். ஆனால் அங்கே வசிப்பதாகப் பதிவுசெய்வதற்கு மட்டும் இடங்கொடுக்கவில்லை. அவர் செய்ததே நியாயம். குடியிராத வீட்டில் குடியிருப்பதாகப் பதிவதற்கு விலாசம் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கடிதம் பெறும் விலாசமும் வசிக்கும் விலாசமும் வெவ்வேறு என்பதை மறந்து, அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் உதவி செய்தவரையே ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

அக்டோபர் 7-ஆம் தேதி வேறொரு வங்கியில், அடிப்படைக் கணக்கு என்று தெளிவாக எழுதிய விண்ணப்பத்தையும் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் நேரில் கொடுத்தேன். 16-ஆம் தேதி கணக்கு எண் கடிதமாக வந்தது. அலுவலகத்துக்கு அன்றே அனுப்பினேன். சில தினங்களில் அட்டையும் வந்தது. தனிக் கடிதமாக வரவேண்டிய இரகசிய எண் மட்டும் வரவேயில்லை.

ஒரு வாரம் பொறுத்துக் கேட்டபோது, அது திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முதல் இரண்டு கடிதங்களிலும் என் பெயருக்குக் கீழே 'இன்னார் வீட்டில்' என்று பெரியவர் பெயரும் அச்சாகியிருந்தது. மூன்றாவதில் அந்த வரி விடுபட்டிருக்கிறது. நம் ஊரில் பழைய எண், புதிய எண், மாடி, வாசல் என்று அத்தனையும் எழுதுகிறோம். விடுபட்டாலும் தபால்காரர் விசாரித்துக் கொண்டுவந்து சேர்க்கிறார். இங்கே இருபது குடும்பங்கள் வாழும் கட்டிடத்துக்கும் பெரும்பாலும் ஒரே கதவிலக்கந்தான். உள்ளே வீடுகளுக்கு எண் கிடையாது. கீழே வரிசையாகப் பொருத்திய தபால் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் பெயரே வீட்டின் எண். அந்தப் பெயர் பெட்டியில் இல்லையென்றால், சரியான தெருவும் சரியான இலக்கமும் எழுதியிருந்தும், அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று கடிதம் வந்த வழியே போய்விடும்.

அன்று மாலை பெரியவர் ஒரு காகிதத் துண்டை அளந்து வெட்டி, வங்கியில் பதிந்திருந்த உருவத்திலேயே என் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதி, தம் பெயருக்குக் கீழே ஒட்டினார். மழை படாமலிருக்க அதன்மேல் ஒளி ஊடுருவும் நாடாவையும் இழுத்து அழுத்தினார்.

"இனி நீங்கள் இந்த வீட்டுக் கடிதக்காரன், தம்பி," என்றார்.

மறுபடி அனுப்பிய இரகசிய எண் ஐந்தாம் நாள் அந்தப் பெட்டியில் கிடந்தது. மாதக் கடைசியில் சம்பளமும் கணக்கில் ஏறியது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வீடு தேடப் புறப்பட்டதை அடுத்த மடலில் எழுதுகிறேன்.