பிடித்த இருக்கையை விடுவது

ஆன்லைனில் பேருந்து டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டி முடிக்கும்வரை இருக்கையைச் சில நிமிடம் நமக்காகப் பிடித்து வைக்கிறார்கள். அதை நாங்கள் ஹோல்டு என்போம். நேரம் கடந்தாலோ பணம் போகாவிட்டாலோ விட்டுவிட வேண்டும். இந்த டெஸ்டிங் வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. பிடிப்பதில் வரும் பிழை சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். விடுவதில் வரும் பிழைதான் ஒளிந்துகொள்ளும்.

ஒருவர் காலை 10:00 மணிக்கு 14ஆம் இருக்கையைப் பிடிக்கிறார் என்று வையுங்கள். அவகாசம் பத்து நிமிடம். யுபிஐ சுழன்றுகொண்டே இருக்கிறது. 10:10க்கு ஹோல்டு காலாவதியாகிறது. 10:11க்கு ஓர் அம்மா அதே இருக்கையைப் பிடிக்கிறார். முதலாமவரின் பணம் போகவில்லை என்ற தகவல் பேமெண்ட் கேட்வேயிலிருந்து 10:12க்குத்தான் வந்து சேருகிறது. "14ஐ விடு" என்று மட்டும் நிரலில் எழுதியிருந்தால், அந்த அம்மா பிடித்த இடம் பறிபோகும். உடனே மூன்றாவது ஆள் அதை எடுத்துக்கொள்வார். அம்மாவும் பணம் கட்டிவிடுவார். லாகில் ஒரு பிழையும் பதிவாகியிருக்காது. ராத்திரி பேருந்து வாசலில் இரண்டு பேர் ஒரே எண்ணோடு நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். குழந்தையோடு வந்தவரை அப்போது எங்கே உட்கார வைப்பது?

ஆகவே இருக்கை எண்ணை மட்டும் பார்த்து விடக்கூடாது. யாருடைய ஹோல்டு என்றும் பார்க்க வேண்டும்:

```sql
UPDATE seats SET hold_id = NULL
WHERE seat_no = 14 AND hold_id = 'A1';
```

முதலாமவரின் ஹோல்டு `A1`, அம்மாவின் ஹோல்டு `B7` என்றால், இந்தக் கட்டளை ஒரு வரியையும் மாற்றாது. டெஸ்டில் அதைத்தான் உறுதிசெய்ய வேண்டும்: மாறிய வரிகள் 0, இருக்கை இன்னும் `B7` வசம். பணம் கட்டி உறுதிசெய்யும் கட்டளைக்கும் இதே நிபந்தனை வேண்டும்.

இதைச் சோதிக்கப் பத்து நிமிடம் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவசியமில்லை. நிரல் நேரத்தைத் தானே கேட்டுக்கொள்ளாமல், நாம் கொடுக்கும் கடிகாரத்திலிருந்து வாங்கும்படி அமைத்தால், டெஸ்டில் முள்ளை நாமே நகர்த்தலாம். 10:09:59, 10:10:00, 10:10:01 என்று மூன்று நேரங்களிலும் பாருங்கள். சரியாகப் பத்து மணி பத்துக்கு இருக்கை யாருடையது என்பதை நிரலில் ஒரே இடத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். ஓரிடத்தில் `<` என்றும் இன்னோரிடத்தில் `<=` என்றும் இருந்தால், அந்த ஒரு நொடியில் இருவருக்கும் அது சொந்தமாகிவிடும்.

ஆன்லைன் கடையில் சரக்கையும் இதேபோல் பிடித்து வைப்பார்கள். அதில் இன்னொரு ஆபத்து உண்டு. கேட்வே ஒரே தோல்வித் தகவலைச் சில சமயம் இரண்டு முறை அனுப்பும். கண்ணை மூடிக்கொண்டு இருப்பில் ஒன்றைக் கூட்டினால், இல்லாத புடவை ஒன்று விற்பனைக்கு வந்துவிடும். அதே தகவலை டெஸ்டில் இருமுறை அனுப்பி, இருப்பு ஒரு தடவைதான் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு காலாவதியான ஹோல்டுக்குப் பணம் வெற்றி என்ற தகவலையும் அனுப்பிப் பாருங்கள். சரக்கு வேறொருவர் கைக்குப் போயிருந்தால், கட்டியவருக்குப் பணம் திரும்பிப் போகும் பதிவு அங்கே உருவாகியிருக்க வேண்டும்.