தாயம் விழுந்தா தம்பிக்குக் கொண்டாட்டம்!

சனிக்கிழமை இரவு ஏழு மணி. தாம்பரத்தில் உள்ள அந்த ஃப்ளாட்டின் ஹாலில், பழைய போர்வை ஒன்று தரையில் விரிகிறது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் அடி அகலம். நான்கு ஓரங்களிலும் நடுக்கட்டத்தில் பெருக்கல் குறி. அதுதான் 'மலை'. அதில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. முட்டிவலி இருக்கும் தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில். பத்தாவது படிக்கும் பேத்தியும், இரண்டரை வயதுப் பேரனும் தரையில்.

இந்தப் போர்வைக்கு முன் ஒரு சின்னக் கதை இருக்கிறது. ஊரிலிருந்து பாட்டி கொண்டுவந்த பித்தளைத் தாயக்கட்டையை வைத்து, முதல் வாரம் தரையில் சின்னதாகக் கட்டம் போட்டுத்தான் ஆடினார்கள். காய்களாகப் புளியங்கொட்டை. ஐந்தாவது நிமிடம் குட்டிப் பையன் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனான். அம்மா ஓடிவந்து பிடுங்க, அவன் அழ, ஆட்டம் அதோடு முடிந்தது. விழுங்கவோ மூக்கில் திணிக்கவோ முடிகிற எதுவும் இனி காய் இல்லை என்று முடிவானது. எவர்சில்வர் டம்ளர் இரண்டு, பிளாஸ்டிக் டம்ளர் இரண்டு காய்களாயின. டம்ளருக்கு ஏற்ப கட்டமும் பெரிதானது. தாத்தாவுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

அடுத்த வாரம் வேறு சிக்கல். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அது விழவே இல்லை. பையன் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான். பேத்தி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஒரு கட்டையில் 1, 2, 3 புள்ளிகளோடு மூன்று பக்கம், வெறுமையாக ஒரு பக்கம். இரண்டு கட்டையும் விழும் விதங்கள் மொத்தம் 16. தாயம், அதாவது கூட்டினால் 1, வருவது அதில் இரண்டே விதம்.

"எட்டுக்கு ஒண்ணுதான் சான்ஸ் பாட்டி. அதுவரைக்கும் அவன் எப்படி உட்காருவான்?"

"அப்போ 5, 6, 12 விழுந்தாலும் இறக்கிக்கலாம்னு வெச்சுக்கோ" என்றார் பாட்டி. (இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12.) இப்போது 16-க்கு 6 விதம். இரண்டு மூன்று முறை போட்டாலே காய் இறங்கிவிடுகிறது.

ஆனாலும் பேத்திக்கு மனம் ஒட்டவில்லை. "இது வெறும் லக் தானே?" என்றாள். அதற்குப் பதில் மூன்றாவது வாரம் கிடைத்தது. அவளும் பாட்டியும் ஒரு கட்சி, தாத்தாவும் பேரனும் ஒரு கட்சி. பேரன் கட்டையை உருட்டுவான், தாத்தா காயை முடிவு செய்வார். அன்று பேத்திக்கு 6 விழுந்தது. 6-க்கு மறுபடி போடலாம், அடுத்து 3. ஆறை முன்னால் நின்ற டம்ளருக்குக் கொடுத்தாயிற்று. மூன்றையும் அதற்கே கொடுத்தால் மலையில் ஏறிவிடும். அவள் கை நீட்டினாள்.

"பின்னாடி இருக்கிற நம்ம டம்ளரைப் பாரு. அதுக்கு மூணாவது கட்டத்துல தாத்தா. இன்னும் ஒண்ணுகூட வெட்டல. வெட்டாம உள்கட்டத்துக்கு எப்படிடி போவே?"

பேத்தி ஒரு நிமிடம் யோசித்தாள். பின்னால் இருந்த டம்ளரை நகர்த்தி வெட்டினாள். தாத்தா சிரித்தார். பேரன் ஓவென்று அழுதான்.

"பாவம், அவனை வெட்டாதே" என்றார் அம்மா. "வெட்டக் கூடாதுன்னா இது ஆட்டமே இல்லம்மா" என்று பேத்தி எழுந்தே விட்டாள். அப்போது தாத்தா வெட்டுப்பட்ட டம்ளரைப் பேரன் கையில் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய் நம்ம வீட்டுல வெச்சுட்டு வா." கண்ணீரோடு அவன் கட்டம் கட்டமாக நடந்து, டம்ளரைத் தாத்தாவின் காலடியில் வைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து எந்தக் காய் வெட்டுப்பட்டாலும் வீட்டுக்குக் கொண்டுபோவது அவன் வேலை. இப்போது தாத்தாவின் காய் மாட்டினாலும் முதலில் கத்துவது அவன்தான். "வெட்டு! வெட்டு!"

பக்கத்துக்கு இரண்டே காய் என்பதால் அரை மணியில் பழம் எடுத்துவிடலாம். சில நாள் அதற்கு முன்பே அவன் கட்டையைச் சோஃபாவுக்கு அடியில் வீசத் தொடங்குவான், கண்ணைக் கசக்குவான். பித்தளைக் கட்டை காலில் விழுந்தால் வலிக்கும். அதனால் அதோடு நிறுத்திவிடுவார்கள். பேத்தி டம்ளர்கள் நிற்கும் இடத்தை மொபைலில் படம் எடுத்துக்கொள்வாள்.

அவன் தூங்கிய பிறகு பாட்டி புளியங்கொட்டைச் சுருக்குப்பையைத் திறக்கிறார். பக்கத்துக்கு நான்கு காய். தாயம் விழுந்தால்தான் இறங்கும். சலுகை கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், பத்தரை மணிக்கும் பாட்டியோடு வாதாடிக்கொண்டிருக்கிறாள்.

"பாட்டி, அது நாலு. ஏமாத்தாதீங்க!"

"கண்ணாடி போடலடி" என்கிறார் பாட்டி. கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கிறது.