விலைக்கு முன்னால் மிளகாய்

மதுரையில் வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்கிறார் அந்த அக்கா. இன்ஸ்டாகிராமில் அவர் போடும் படத்துக்குக் கீழே, பாட்டியின் கைப்பக்குவத்தில் தொடங்கி பத்து வரி ஒரே மூச்சில் ஓடும். விலை கடைசியில்தான். போனில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். மிச்சமெல்லாம் ‘more’-க்குள் ஒளிந்துகொள்ளும். கமென்ட் முழுக்க "விலை என்னக்கா?" கேட்காமலே நகர்ந்தவர்கள் எத்தனை பேரோ!

கல்லூரியில் படிக்கும் மகள் மாற்றி எழுதினாள்.

இட்லிப் பொடி கால் கிலோ 120 ரூபாய்

🌶️ மிதமான காரம்
📦 திங்கள், வியாழன் கூரியர்
💬 ஆர்டருக்கு மெசேஜ் செய்யுங்கள்

பாட்டி கதை ஒரு வரி இடைவெளி விட்டு அதற்கும் கீழே போனது. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

விலை கேட்பது குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த பதிவின் தொடக்கத்திலேயே ஏழெட்டு எமோஜிகளை அடுக்கினார் அக்கா. மறுநாள் பார்வையில்லாத வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார். திரையில் இருப்பதை அவருடைய போன் வாய்விட்டுப் படிக்கும். எமோஜி வந்தால் அதன் பெயரையும் சொல்லும்.

"நெருப்பு, மிளகாய், கைதட்டல்னு சொல்லிக்கிட்டே போகுதும்மா. விலை வர்றதுக்குள்ள அடுத்ததுக்குத் தள்ளிட்டேன்."

இப்போது வரிக்கு ஒரே எமோஜி. அதுவும் வரியின் முடிவில்.