சிகரெட் பிடிக்கவில்லை என்றான்

அண்ணன் மகனுக்கு முதலில் வந்தது இருமல் அல்ல, வாந்தி. அன்று காலை நாசி லெமாக் சாப்பிட்டிருந்தான். பழி முழுவதும் அதன் மேல் விழுந்தது. கூடவே வயிற்று வலி, காய்ச்சல், குளிர் நடுக்கம். கிளினிக்கில் கேஸ்திரிக் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டெங்கியாக இருக்குமோ என்று இரத்தம் எடுத்துப் பார்த்தோம். அதுவும் இல்லை.

நான்காம் நாள், குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவி 88 காட்டியது. 95க்குக் குறையக் கூடாதாம். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் பனி படிந்த கண்ணாடி போல மங்கலாகத் தெரிந்தன. கோவிட், இன்ஃபுளுவென்சா, நிமோனியா கிருமி என ஒவ்வொன்றாகத் தேடினார்கள். எதுவும் அகப்படவில்லை.

"சிகரெட் பிடிப்பீங்களா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று முறையும் "இல்லை" என்றான். அது பொய்யும் இல்லை. நான்காவதாக வந்த இளம் டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, "மூணு மாசத்துக்குள்ள வேப் இழுத்தீங்களா? அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாராம். நண்பன் மூலம் வாங்கிய, லேபிள் இல்லாத கார்ட்ரிஜ். உள்ளே கஞ்சா எண்ணெய்.

இந்த நோய்க்கு 'இவாலி' என்று பெயர். 2019இல் அமெரிக்காவில் இப்படித்தான் இளைஞர்கள் ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். பலருக்கு இருமல், நெஞ்சு வலியோடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தன. இதைக் கண்டுபிடிக்கத் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. கிருமி இல்லை என்று உறுதி செய்துவிட்டு, வேப் பற்றிக் கேட்டால்தான் தெரியும்.

அங்கே நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தார்கள். 51 பேரில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. நலமாக இருந்த 99 பேரில் ஒருவரிடமும் இல்லை. நாம் முகத்தில் பூசும் கிரீமில் இருப்பதும், மாத்திரையாக விழுங்குவதும் இதே பொருள்தான். கஞ்சா எண்ணெயில் கலந்தால் கெட்டித்தன்மை குறையாது. பாலில் தண்ணீர் கலந்தாலாவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. சூடாகி உள்ளே போகும்போது நுரையீரலின் உட்படலத்தைக் கெடுக்கிறது, கீட்டீன் என்ற நச்சு வாயுவாகவும் மாறுகிறது என்று சந்தேகிக்கிறார்கள். இது ஒன்றுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. நிக்கோட்டின் வேப் மட்டும் இழுத்ததாகச் சொன்ன நோயாளிகளும் இருந்தார்கள்.

எங்கள் பையனுக்கு ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினான். மாடிப்படி ஏறும்போது இன்னும் நடுவில் நின்றுதான் ஏறுகிறான். அவன் கார்ட்ரிஜை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வாந்தி வந்த அன்றே தூக்கி எறிந்துவிட்டானாம்.

அண்ணி இன்றுவரை அந்த நாசி லெமாக் கடைப் பக்கம் போவதில்லை.