வைவாவுக்கு முன்

திருச்சி

அன்புத் தங்கைக்கு,

ஏப்ரல் முதல் வாரம் வைவா, ஜெர்மனிப் பேராசிரியர் காணொளியில் வருகிறார் என்று எழுதியிருந்தாய். மிகுந்த மகிழ்ச்சி. எங்கள் துறையில் இப்படிப் பல வைவாக்களுக்குக் கணினிப் பக்கம் உட்கார்ந்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், தேர்வுக் குழுவில் யார் யார் என்று நெறியாளரிடம் கேட்டுக்கொள். 2022 யுஜிசி விதிப்படி நெறியாளரும், இரண்டு புறத்தேர்வாளர்களில் ஒருவராவதும் இருந்தால் போதும்; இணையவழியிலும் நடத்தலாம். அந்த ஒருவர் ஜெர்மனிக்காரர் மட்டுமே என்றால், அவர் இணைப்பு அறுந்தால் தேர்வும் நின்றுவிடும். உள்நாட்டுத் தேர்வாளர் நேரில் வந்து அமர்வது நல்லது. வைவா ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் திறந்தது. அதனால் அறிவிப்பிலேயே இணைப்பு முகவரியும் இருக்கட்டும்.

நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நம் பிற்பகல் 3 மணி, இப்போது அவருக்குக் காலை 10.30, உன் தேர்வு நாளில் 11.30. இன்றைய கணக்கில் எழுதி அனுப்பினால் அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து ஆளில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடிதத்தில் இரண்டு ஊர் நேரத்தையும் தேதியோடு எழுதச் சொல்.

எனக்குப் பெரிய கவலை படங்கள்தான். உன் ஆய்வே குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றியது. அந்தக் கிரந்த எழுத்துகளின் மேலுள்ள புள்ளிகளை வைத்துத்தானே வாதாடுகிறாய்? இணைய வேகம் குறையும்போது திரைப் பகிர்வு நுணுக்கங்களை விழுங்கிவிடலாம். உன் திரையில் பளிச்சென்று தெரியும் புள்ளி அவருக்கு வெறும் கறையாகத் தெரியலாம், அது உனக்குத் தெரியவே தெரியாது. மைப்படிகளைப் பெரிய அளவில் பிடிஎஃப் ஆக்கி, பக்க எண் இட்டு, இரண்டு நாள் முன்பே நெறியாளர் வழியாக அனுப்பு. பேசும்போது “ஏழாம் பக்கம், இரண்டாம் வரி” என்று சொல். பவர்பாயிண்ட் கோப்பாக அனுப்பாதே. பாமினி போன்ற எழுத்துரு அவரிடம் இல்லையென்றால் தமிழெல்லாம் ஆங்கிலக் குப்பையாகிவிடும்.

அரங்கில் ஒரே ஒரு கணினியில்தான் மைக்கும் ஒலிபெருக்கியும் இயங்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் மடிக்கணினியில் ஒலியைத் திறந்தாலும் எதிரொலி கிளம்பும். கேள்வி கேட்பவர் உன் மைக்குக்கு வந்து கேட்கட்டும். பின்வரிசையிலிருந்து கேட்டால் அது ஜெர்மனிக்கு எட்டாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கா என்று மின்வாரியத்தில் விசாரி. யுபிஎஸ்ஸில் கணினியோடு மோடமும் இருக்க வேண்டும். கல்லூரி இணையத்துக்கு மாற்றாக வேறு நிறுவன சிம்மோடு ஒரு கைபேசி தயாராக இருக்கட்டும். இணைப்பு அறுந்தால் எத்தனை நிமிடம் காத்திருப்பது, அவரை எந்த எண்ணில் அழைப்பது என்பதைத் தொடக்கத்திலேயே நெறியாளர் அறிவித்துவிடட்டும்.

ஒத்திகை பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்தப் பிடிஎஃபை அதற்குள் முடித்து வை.

அன்புடன்,
அண்ணன்