நான்காவது நகர்த்தல்

அப்பா இறந்து சில வருடங்களுக்குப் பிறகு ஒரு பெண் பரணில் அவருடைய செஸ் பெட்டியைக் கண்டெடுக்கிறாள். அவருக்குப் பிடித்த ஓப்பனிங்கைத் தானே கற்றுக்கொள்கிறாள். இப்படி ஒரு சிறுகதை எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாக ஆசை. ஊர், வீடு, பரண் எல்லாம் எளிதாகக் கிடைத்துவிட்டன. பெரம்பூர் பக்கம், ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, பதினான்கு வயதுப் பெண். எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு கேள்வியில் பேனா நின்றுவிடுகிறது. அந்த ஓப்பனிங் எது?

எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. செஸ் ஆடுகிறவருக்கு ஓப்பனிங் என்பது சுபாவம். கரோ-கான் ஆடுகிற அப்பா வேறு மனிதர். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகே அடுத்த வேலையை யோசிப்பவர். கிங்ஸ் இண்டியன் ஆடுகிறவர் நடுப்பலகையை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு அதை இடிக்க வருகிறவர். என் கதையின் அப்பா வீட்டில் அதிகம் பேசாதவர், மாதக் கடைசியில் நயா பைசாவுக்குக் கணக்கு எழுதி வைப்பவர். அவருக்கு நான் எவன்ஸ் கேம்பிட்டைக் கொடுக்கப் போகிறேன்.

அது ஒரு கப்பல் கேப்டன் கண்டுபிடித்தது. வில்லியம் டேவிஸ் எவன்ஸ், வேல்ஸ் நாட்டுக்காரர். 1820-களில் இந்த யோசனை அவருக்கு உதித்தது. இரவில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க மூன்று வண்ண விளக்கு முறையை வகுத்தவரும் இவரே என்பார்கள். கடலில் அத்தனை எச்சரிக்கையாக இருந்தவர் பலகையில் நான்காவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தார். இந்த முரண்தான் என் கதையின் அப்பாவுக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஆட்டம் இப்படித் தொடங்கும்: இருவரும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறார்கள். இரு பக்கமும் ஒரு குதிரை வெளியே வருகிறது, பிறகு ஒரு மந்திரி. இதுவரை ஊரில் எல்லோரும் ஆடுவதுதான். இங்கே வெள்ளை ஆடுகிறவர் b4 கட்டத்துக்கு ஒரு சிப்பாயைத் தள்ளுகிறார். கறுப்பு மந்திரி அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அடுத்த சிப்பாய் c3-க்கு வந்து அந்த மந்திரியை மிரட்டுகிறது. மந்திரி மூன்றாவது முறையாக நகர்ந்தாக வேண்டும். அந்த இடைவெளியில் வெள்ளை நடுப்பலகையைத் திறந்துவிடுகிறது. பிறகு வெள்ளையின் இன்னொரு மந்திரி a3-இல் வந்து உட்கார்ந்தால், கறுப்பு ராஜா கோட்டைக்குப் போகும் வழியில் f8 கட்டத்தில் அதன் பார்வை விழுகிறது. ராஜா நடுவிலேயே நிற்க வேண்டியதுதான். ஒரு சிப்பாய்க்கு விலையாக வாங்கியது நேரம்.

இதைப் பெண் எப்படிக் கற்றுக்கொள்வாள்? பெட்டியில் காய்களோடு ஒரு நோட்டு இருக்கிறது. அப்பா ஆடிய ஆட்டங்களைப் பழைய முறையில் எழுதி வைத்திருக்கிறார். இன்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே பெயர்தான், b4 என்றால் யார் பார்த்தாலும் b4. அந்தக் காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் அப்படி இல்லை. b4-க்குச் சிப்பாய் போவதை P-QKt4 என்று எழுதுவார்கள்: ராணிப் பக்கத்துக் குதிரையின் வரிசையில் நான்காம் கட்டம். எண்ணிக்கை அவரவர் பக்கத்திலிருந்து தொடங்கும். வெள்ளையின் நான்காம் கட்டம் கறுப்புக்கு ஐந்தாவது.

நோட்டின் முதல் ஆட்டத்தில் மூன்றாவது வரி B-B4, B-B4. பெண் வெள்ளை மந்திரியை c4-இல் வைக்கிறாள். கறுப்புக்கும் அதே எழுத்துகள் இருக்கின்றனவே என்று பார்த்தால் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே வெள்ளை மந்திரி நிற்கிறது. கறுப்பு மந்திரி அங்கே போகவும் முடியாது. அப்பா தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் நினைப்பாள். பிறகு எழுந்து மேசையின் மறுபக்கம் போய் நின்று எண்ணிப் பார்க்கிறாள். c5. எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒழிய அந்த நோட்டின் பாதி அவளுக்குப் புரியாது. இதை நான் கதைக்காக ஜோடிக்கவில்லை. அந்தக் குறியீட்டு முறையே அப்படித்தான் இருந்தது.

என் கதை திரும்பும் இடமும் இதுதான். எவன்ஸ் கேம்பிட்டை ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு ஆடிவிட முடியாது. கறுப்பு தன் மந்திரியை c5-இல் வைத்தால்தான் அது உண்டு. மந்திரிக்குப் பதில் இன்னொரு குதிரையைக் கொண்டுவந்தால் அது வேறு ஆட்டம். அங்கே b4 தள்ளினால் சிப்பாய்க்கு ஈடாக அதே அளவு நேரம் கிடைக்காது. கேம்பிட் வந்த பிறகும் கறுப்புக்குத் தப்பிக்க வழி உண்டு. உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் காட்டிக்கொடுத்தார்: மந்திரியை b6-க்கு இழுத்துக்கொண்டு, வாங்கிய சிப்பாயைப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவது. வெள்ளை அதை எடுக்கப் போனால் ராணிகள் வெட்டுப்பட்டு, தாக்குதலே இல்லாமல் போகும். பத்துப் பன்னிரண்டு நகர்த்தலில் பலகையில் ராணிகள் இல்லை என்றால் கேம்பிட் செத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். லாஸ்கருக்குப் பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் இதைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். 1995-இல் ரீகாவில், தால் நினைவுப் போட்டியில், காஸ்பரோவ் திடீரென்று இதை எடுத்து நம் ஆனந்தை 25 நகர்த்தலில் வென்றது தனிக் கதை. அது எதிர்பாராத அடி. வாரா வாரம் ஒரே ஆளிடம் அது பலிக்காது.

நோட்டில் பக்கம் பக்கமாக எவன்ஸ் கேம்பிட். எல்லாம் ஒரே ஆளுடன். அப்படியானால் எதிரே இருந்தவர், வரப்போவது தெரிந்தே, ஒவ்வொரு முறையும் மந்திரியை c5-இல் வைத்திருக்கிறார். பெண் இதைக் கண்டுபிடிப்பதுதான் கதை. அவள் அந்த மனிதரைத் தேடிப் போகிறாள். அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

"ஏன் மாமா எப்பவும் அதையே ஆடினீங்க? அடுத்து என்ன வரும்னு தெரியுமே."

"தெரியும்மா. வேற மாதிரி ஆடத் தெரியாமலா? ஒருநாள் குதிரையை எடுத்து வச்சேன். உங்கப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னிக்கு டீ குடிக்காமலே வீட்டுக்குக் கிளம்பிட்டான். அந்தச் சிப்பாயைக் குடுக்கறப்போ அவன் முகத்தைப் பாக்கணும். அதுக்குத்தான் நான் வருவேன்."

வீட்டில் பைசாக் கணக்குப் பார்த்த மனிதர் இன்னொருவர் முன்னால் சந்தோஷமாக எதையோ கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை மகள் இப்படித்தான் அறிய வேண்டும். அம்மா சொல்லியோ பழைய போட்டோ பார்த்தோ அல்ல. ஆகவே அப்பாவுக்குப் பிடித்த ஓப்பனிங்கை அவள் கற்றுக்கொண்டாள் என்று எழுதினால் பாதிதான் உண்மை. அந்த ஓப்பனிங்கில் கறுப்பின் மூன்று நகர்த்தல்கள் அந்த நண்பருடையவை. அவரை விட்டுவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது என்பது இப்போது எனக்கு உறுதி.

உங்கள் வீட்டிலும் யாரோ ஆடிய ஆட்டங்களின் நோட்டு இருக்கலாம். எழுத்து புரியவில்லை என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பலகையை விரித்து ஒரே ஒரு ஆட்டத்தையாவது கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். கறுப்பின் காய்களை, எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்து நகர்த்துங்கள்.