நாம் சரி போட்ட பிழை

இது எங்கள் மாலை வகுப்பில் நடந்த கதை. பிழை பிள்ளையுடையது மட்டும் இல்லை, எங்களுடையதும்தான். அதனால்தான் எழுதுகிறோம்.

சவளக்கடையில் மஃரிபுக்குப் பின் ஒன்றரை மணித்தியாலம், அரச வேலைக்கான போட்டிப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் நுண்ணறிவு வினாக்கள் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தியாவில் வங்கி, ரயில்வே பரீட்சைகளுக்கு வரும் பயிற்சிப் புத்தகங்களில் ஒரு வகை வினா அடிக்கடி இருக்கும். ஒரு சொல்லைத் தருவார்கள். அதன் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கினால், எத்தனை எழுத்துகள் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று கேட்பார்கள். புத்தகங்களில் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள்தான். எங்கள் பிள்ளைகள் தமிழ்மொழி மூலம் எழுதுபவர்கள் என்பதால், முதலில் நம் ஊர்ப் பெயர்களை வைத்துத் தமிழிலேயே பழக்கினோம்.

செய்யும் முறை இலேசு. கல்முனையை எடுங்கள். உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவும், மெய்யைத் தனி எழுத்தாகவும் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் க, ல், மு, னை என்று நான்கு. அதன் கீழே அகரவரிசைப்படி க, மு, ல், னை என்று எழுதுங்கள். இப்போது மேலும் கீழும் நிரல் நிரலாகப் பாருங்கள். முதலாவதில் க, கடைசியில் னை. இரண்டும் அசையவில்லை. விடை 2.

மூன்று கிழமை இப்படிப் போனது. பிள்ளைகள் எண்ணை மட்டும் எழுதித் தருவார்கள், நாங்கள் சரி போடுவோம். மழைக்காலம். கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறி, ஆற்றுக்கு அப்பால் இருந்து வருபவர்கள் வரவில்லை. அன்று வகுப்பில் இருந்தது நாலு பேர்தான். நேரம் இருந்ததால் ஒவ்வொருவரையும் கரும்பலகைக்குக் கூப்பிட்டோம். சொல், உழவன்.

ஒரு தங்கச்சி வந்தா. வாப்பா வயல் செய்பவர். இந்தப் பரீட்சைக்கு அவ தயாராவது மூன்றாவது தடவை. வகுப்பில் மிகவும் கவனமானவ, மூன்று கிழமையும் ஒரு பிழை வாங்காதவ. உ, ழ, வ, ன் என்று எழுதினா. கீழே உ, ன், ழ, வ என்று எழுதினா. "சேர், விடை ஒண்டு. உ மட்டும்தான் அசையல்ல" என்றா.

சரியான அடுக்கு உ, வ, ழ, ன். அசையாதவை உ, ன் இரண்டும். விடை 2.

"மகள், ன எங்க வரும்?" என்று கேட்டோம்.

"ந வுக்குப் பக்கத்துல சேர். ழ, ல வோட சேர்ந்து வரும், வ கடைசி." தடுமாற்றமே இல்லாமல் சொன்னா.

அவவுடைய பழைய கொப்பியைப் புரட்டினோம். கல்முனையை அவ க, னை, மு, ல் என்று அடுக்கியிருந்தா. அந்த அடுக்கில் அசையாதவை க, மு. எண்ணிக்கை 2. நாங்கள் சரி போட்டிருந்தோம். மருதமுனையில் ம, ரு, த, மு, னை. சரியாக அடுக்கினால் த, ம, மு, ரு, னை. அசையாதது னை மட்டும், விடை 1. அவவுடைய அடுக்கு த, னை, ம, மு, ரு. அதில் அசையாதது மு. அதுவும் 1. அதற்கும் சரி. நாவிதன்வெளியிலும் சவளக்கடையிலும் எந்த அடுக்கிலும் ஓர் எழுத்தும் நிற்காது, விடை 0. அவையும் சரி. பிழையான அடுக்குக்கு மூன்று கிழமையாகச் சரி போட்டுக்கொண்டே வந்திருக்கிறது எங்கள் பேனை.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். அவ உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தவ. வீட்டில் விடையைச் சரிபார்க்க பைதனில் ஒரு வரி எழுதிப் பார்த்திருக்கிறா.

```
sorted(["உ", "ழ", "வ", "ன்"])
# ['உ', 'ன்', 'ழ', 'வ']
```

கணினி சொன்னதை அவ நம்பினா. "ஓதப் போற இடத்துலயும் பா, தா, ஸா எண்டு ஒரே சாயல் எழுத்தெல்லாம் பக்கத்துல பக்கத்துலதானே சேர். தமிழும் அப்படித்தான் எண்டு நினைச்சன்" என்றா. அவ சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எங்களில் ஒருவர் கணினிப் பாடம் எடுப்பவர். அவர் விளக்கினார். கணினி எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்திருக்கும் இலக்கத்தைத்தான் பார்க்கிறது. யூனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இருந்த ஒரு பழைய அட்டவணையைப் பின்பற்றி. அதில் ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகள் அடுத்தடுத்து வரும். அதனால் அங்கே வரிசை ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. நாம் முதலாம் வகுப்பில் பாடமாக்கியதோ க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ழ, ள, ற, ன நான்கும் வரிசையின் வாலில் நிற்கும். அகராதியும் இதைத்தான் பின்பற்றும். தமிழ் அகரவரிசை தெரிந்த மென்பொருள்கள் சரியாக அடுக்கும். வெறும் `sorted()` அதைச் செய்யாது.

மெய்யெழுத்திலும் இதே வழுக்கல் உண்டு. அகராதியில் க் என்பது க வுக்கு முன். 'அக்கா' முதலில் வரும், 'அகல்' பிறகுதான் வரும். கணினியின் இலக்கப்படி பார்த்தால் க், க கா கி எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விடும்.

சரி, பிழையான அடுக்கு ஏன் இத்தனை தடவை சரியான எண்ணைத் தந்தது? அன்றிரவு நாங்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். நான்கு வேறு வேறு எழுத்துகளை 24 விதமாக வைக்கலாம். அவற்றில் 9 விதத்தில் ஒன்றும் அதன் இடத்தில் இராது. 8 விதத்தில் ஒன்று இருக்கும். 6 விதத்தில் இரண்டு. நான்கும் இருப்பது ஒரே ஒரு விதம். அதாவது 0, 1, 2 என்ற மூன்று விடைகளுக்குள்ளேயே 23 அடங்கிவிடுகிறது. சொல் நீண்டாலும் நிலைமை மாறாது. ஆறு எழுத்தென்றால் 720 விதம், அதில் 529இல் விடை 0 அல்லது 1. விடைகள் இப்படிச் சின்ன எண்களுக்குள் நெருங்கிக் கிடக்கும்போது, பிழையான வழியில் போனவரும் அடிக்கடி சரியான எண்ணிலேயே வந்து நிற்பார். பிரான்ஸில் மொன்மோர் என்ற கணிதக்காரர் 1708இல் இதே கணக்கை ஒரு சீட்டு விளையாட்டை வைத்து எழுதியிருக்கிறார். அவருக்கு 13 சீட்டு, நமக்கு ஊர்ப் பெயர்.

அந்த எண்ணிக்கையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான்கு எழுத்தில் விடை 3 என்று ஒரு தடவையும் வரவில்லை. வரவும் முடியாது. மூன்று எழுத்து தம் இடத்தில் நின்றால், மிச்சமிருக்கும் ஒன்றுக்கு மிச்சமிருக்கும் ஓரிடம்தானே. அதுவும் தன் இடத்திலேயே நிற்கும். ஆகவே ஆறு எழுத்துச் சொல்லுக்கு 5 என்றொரு தெரிவு இருந்தால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். நீங்களே எண்ணி அப்படி வந்தால், எங்கோ ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது.

இப்போது வகுப்பில் இரண்டு மாற்றம் செய்திருக்கிறோம்.

முதலாவது, எண்ணுக்குப் புள்ளி இல்லை. எந்த எழுத்து நின்றது என்று எழுதினால்தான் புள்ளி. 'உழவன் - உ, ன் - 2' என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, அடுக்கிப் பார்த்ததைச் சரிபார்க்க அடுக்காத ஒரு வழி. ஓர் எழுத்தை எடுங்கள். அந்தச் சொல்லில் அதற்கு முந்திய வரிசை எழுத்துகள் எத்தனை என்று எண்ணி, ஒன்றைக் கூட்டுங்கள். அதுதான் அதன் இடம். உழவனில் ன் எழுத்துக்கு முந்தியவை உ, வ, ழ, மூன்று. அதன் இடம் 4. நிற்பதும் நாலாவதில். சரி. ழ வுக்கு முந்தியவை உ, வ, இரண்டு. இடம் 3. ஆனால் நிற்பது இரண்டாவதில். அசைந்துவிட்டது. இரண்டு வழியிலும் ஒரே எழுத்துகள் வந்தால் எண்ணிய கணக்கில் தவறு இல்லை. வரிசையே பிழையாக மனதில் இருந்தால் இதுவும் காப்பாற்றாது. அதற்கு 18 மெய்யையும் தாளின் ஓரத்தில் ஒருதரம் எழுதி வைத்துக்கொள்வதுதான் மருந்து.

ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால் என்ன செய்வது என்று மறுநாள் ஒரு தம்பி கேட்டார். 'படபட' என்ற சொல்லை எழுதினோம். ப, ட, ப, ட. அடுக்கினால் ட, ட, ப, ப. முதலாவது ட இரண்டாம் இடத்தில்தானே இருந்தது, அது முதலாம் இடத்துக்குப் போய்விட்டதே, அப்போ விடை 0 என்றார் அவர். இல்லை. ஒரே எழுத்துக்கு முதலாவது, இரண்டாவது என்று அடையாள அட்டை கிடையாது. நிரலை மட்டும் பாருங்கள். இரண்டாம் இடத்தில் மேலும் ட, கீழும் ட. மூன்றாம் இடத்தில் மேலும் ப, கீழும் ப. விடை 2. சரிபார்க்கும் வழியிலும் அப்படியே. ட இரண்டு இருப்பதால் அதற்குரிய இடம் 1, 2 இரண்டும். அந்த இரண்டில் எதில் ட நின்றாலும் கணக்கில் சேரும்.

தங்கச்சிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அன்று கொப்பியை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "இவ்வளவு நாளும் சரி போட்டீங்களே சேர்" என்று மட்டும் சொன்னா. எங்களிடம் பதில் இல்லை. மூன்று கிழமைப் பக்கங்களையும் அவவுக்கு முன்னாலேயே திரும்பத் திருத்தினோம், எங்கள் பழைய சரிகளின் மேலேயே கோடு போட்டு. மறுநாள் அவ `sorted()` வரியை அழிக்காமல், அதற்கு மேலே 18 மெய்யையும் வரிசையாக ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலைப் பார்த்து அடுக்கும்படி மாற்றிக்கொண்டு வந்தா. இப்போது அது உழவனைச் சரியாக அடுக்குகிறது.

பிள்ளைகளுக்கு வீட்டில் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் உம்மா, வாப்பா, நானா, ராத்தாமாருக்கு ஒரு சொல். 'நிந்தவூர்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். நி, ந், த, வூ, ர். இதில் மெய்யை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் எண்ணே மாறிவிடும். விடையைக் கீழே எழுதுங்கள், ஆனால் எந்த எழுத்து நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் எண்ணுக்கு இனி நாங்கள் சரி போடுவதில்லை.